பால் டம்ளரில் மருந்து கலக்கலாமா?

கசப்பு மருந்தைக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டால், பலரும் சொல்லும் வழி ஒன்றுதான்: வெதுவெதுப்பான பாலில் கலந்து புட்டியில் கொடுத்துவிடுவது. வீட்டில் இருக்கும் வழிகளிலேயே மோசமானது அதுதான் என்பேன். காரணம் நாக்கில் இருக்கிறது.

நாக்கின் சுவை மொட்டுகளில் கசப்பை உணர்வதற்கென்றே சுமார் 25 வகை ஏற்பிகள் உண்டு. எச்சிலில் கரைந்த மூலக்கூறு மட்டுமே அவற்றைத் தொட முடியும். கரையாத துகள் நாக்கின் மேல் உருண்டு போனால் சுவை தெரியாது. குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் பலவும் குலுக்கிக் கொடுக்கும் நீர்மமாக வருவதற்கு இது ஒரு காரணம். அதில் மருந்தின் பெரும்பகுதி தூளாகவே மிதக்கிறது. அது வாயில் கரையாமல் வயிற்றுக்குப் போய்க் கரைந்தால் போதும். அதையே சூடான பாலில் கலந்து கால் மணி நேரம் வைத்தால் தூள் கரையத் தொடங்கும், கசப்பும் ஏறும். குழந்தை இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இனி அளவுக்கு வருவோம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருத்துவர் தினமும் ஒரு வேளை 100 மி.கி. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் 5 மி.லி.க்கு 200 மி.கி. என்று இருந்தால் கொடுக்க வேண்டியது 2.5 மி.லி. அதை 150 மி.லி. பாலில் கலக்கிறோம். குழந்தை 50 மி.லி.யை மிச்சம் வைக்கிறது. மருந்து சீராகக் கலந்திருந்தால்கூட 33 மி.கி. புட்டியிலேயே நின்றுவிட்டது. உண்மையில் தூள் அடியில் படியும், புட்டிச் சுவரிலும் ஒட்டும். அதனால் இழப்பு இதைவிட அதிகமாகவே இருக்கலாம். காலிப் புட்டியைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளைப் படிவு தெரிகிறதா என்று பாருங்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாததால் மறுபடி கொடுக்கவும் முடியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. கசந்த பாலை நினைவில் வைத்துக்கொண்டு, மருந்து கலக்காத பாலையும் சில குழந்தைகள் மறுத்துவிடும்.

அதே 2.5 மி.லி.யை ஒன்றிரண்டு தேக்கரண்டி மசித்த வாழைப்பழத்தில் கலந்தால் கதை வேறு. கெட்டியான கூழில் மருந்து மெதுவாகத்தான் நாக்கை எட்டும். இனிப்பு கசப்பை அமுக்கும். பழம் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் நல்லது. கொடுப்பதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். கொடுத்த பிறகு, கலந்த கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் புகட்டிவிட வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் மட்டும் வேண்டாம்: பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வர வாய்ப்பிருக்கிறது.

சரி, எல்லா மருந்துக்கும் வாழைப்பழம் போதுமா? கலக்கும் பொருளின் வேதியியலையும் பார்க்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் பாலிலுள்ள கால்சியத்தோடு பிணைந்து, குடல் உறிஞ்ச முடியாத கூட்டாகிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினை வெறும் பாலோடு எடுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரத்தத்துக்கே போகாது. டம்ளர் முழுவதும் காலியானாலும் இந்த இழப்பு இருக்கும், கண்ணுக்கும் தெரியாது.

புளிப்பு இன்னொரு விதமாக விளையாடுகிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் நீர்மத்தில் கசப்பை மறைக்கும் பூச்சுள்ள துகள்கள் இருக்கின்றன. ஆரஞ்சுச் சாற்றில் கலந்தால் அந்த மறைப்பு விலகிக் கசப்பு வெளியே வந்துவிடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் காப்ஸ்யூலுக்குள் இருக்கும் குட்டி மணிகளுக்கோ நேர்மாறான கதை. அவற்றின் பூச்சு அமிலத்தில் தாங்கும், குடலில் கரையும். பாலில் அமிலம் குறைவு என்பதால் பூச்சு அங்கேயே இளகிவிடும். அப்புறம் வயிற்று அமிலம் மருந்தைச் சிதைத்துவிடும். அதனால்தான் மணிகளை ஆப்பிள் கூழில் தூவி, மெல்லாமல் விழுங்கச் சொல்கிறார்கள்.

இதே காரணத்தால் மாத்திரையைப் பொடிக்கும் முன் மருந்துக் கடையில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: பொடிக்கலாமா, எதோடு கலக்கலாம்? பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர். அல்லது சி.ஆர். என்று இருந்தால், பல மணி நேரம் மெல்ல மெல்ல வெளிவர வேண்டிய மருந்து அதில் அடைத்திருக்கிறது. பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக உடலில் இறங்கும். அந்த மாதிரி மாத்திரைக்கு நீர்ம வடிவம் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றி வாங்கிக்கொள்ளலாம்.