அசையாத திரைக்கு 25 பிட்

சிறு மளிகைக் கடைகளுக்கான கடன் நோட்டுச் செயலி ஒன்றை எழுதியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். செயலியை முதன்முதலில் திறப்பவருக்குக் காட்ட 50 விநாடி வீடியோ செய்திருக்கிறார். மூன்றே வசதிகள்: கடனைப் பதிவது, பாக்கிக்காரர்களின் பட்டியலைப் பார்ப்பது, நினைவூட்டல் அனுப்புவது. எல்லாமே போன் திரையை அப்படியே ரெக்கார்டு செய்தவை. ஒரு வசதியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நொறுங்குகிறது. சிவப்பில் இருக்கும் பாக்கித் தொகை மட்டும் எப்போதும் கசங்கியே தெரிகிறது. விநாடிக்கு 30 பிரேமை 60 ஆக்கியும் தீரவில்லை. ஏன்?

முதலில் ஒரு கணக்கு. 1080க்கு 1920 புள்ளிகள் உள்ள திரை, புள்ளிக்கு மூன்று பைட். ஒரு பிரேம் சுமார் 6.2 மெகாபைட். விநாடிக்கு 30 பிரேம் வீதம் 50 விநாடிக்கு 1,500 பிரேம், ஆக 9.3 ஜிகாபைட். இதை யாரும் செயலிக்குள் வைத்து அனுப்ப முடியாது. அதனால்தான் 2003இல் வந்து இன்றும் எல்லா போனிலும் ஓடும் எச்.264 போன்ற சுருக்கும் முறைகள்.

இந்த முறை பிரேமை 16க்கு 16 புள்ளி அளவுள்ள கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. நம் திரைக்கு அகலத்தில் 68, உயரத்தில் 120, மொத்தம் 8,160 கட்டங்கள். முதல் பிரேமை முழுதாக எழுதியாக வேண்டும், அதில் சலுகை இல்லை. அடுத்த பிரேமிலிருந்துதான் வேடிக்கை. ஒவ்வொரு கட்டத்துக்கும் என்கோடர், அதாவது சுருக்கும் மென்பொருள், கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது முந்தைய பிரேமில் ஏற்கெனவே இருந்ததா?

வாசகரின் முதல் வசதியை எடுத்துக்கொள்வோம். விரல் கீபோர்டில் 3, 5, 0 என்று தட்டுகிறது. ஓர் எண் தோன்றும்போது மாறுவது அந்த எண் நிற்கும் இடமும் அழுத்திய பொத்தானும்தான். சில பத்துக் கட்டங்கள். மற்ற எட்டாயிரத்துச் சொச்சமும் ‘தாண்டு’ என்ற ஒரே குறிப்போடு முடிந்துவிடும். அதையும் கட்டத்துக்கு ஒன்றாக எழுதுவதில்லை. எச்.264இல் உள்ள இரண்டு குறியீட்டு வழிகளில் எளியதைப் பாருங்கள்: ‘அடுத்த இத்தனை கட்டங்களைத் தாண்டு’ என்று ஓர் எண்ணை மட்டும் எழுதும். தட்டி முடித்து விரலை எடுத்தபின் திரையில் எதுவுமே அசையவில்லை என்றால் எழுத வேண்டிய எண் 8,160. அந்த எண்ணுக்கு அதன் குறியீட்டில் ஆகும் இடம் 25 பிட். மூன்று பைட்டைத் தாண்டி ஒரு பிட்! தலைப்புத் தகவல் தனியாகச் சில பைட் சேரும், அவ்வளவுதான். 6.2 மெகாபைட் பிரேம் ஒன்று இதற்குள் அடங்கிவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இரண்டாவது வசதியில் பட்டியலை மேலே தள்ளுகிறார். இப்போது திரை முழுக்க மாறுகிறதே, செலவு எகிறுமே என்று தோன்றும். எகிறாது. பெயர்கள் எதுவும் புதியவை அல்ல, இடம்தான் மாறியிருக்கின்றன. பிரேமுக்கு 48 புள்ளி மேலே போகிறது என்றால், ‘முந்தைய பிரேமில் 48 புள்ளி கீழே இருந்ததை எடுத்துக்கொள்’ என்று என்கோடர் எழுதுகிறது. இதற்கு நகர்வுத் திசையன் என்று பெயர். இன்னும் அழகான விஷயம், ‘தாண்டு’ என்ற குறிப்புக்கு ‘அசையாதே’ என்று பொருள் இல்லை. ‘உன் இடப்பக்கமும் மேலேயும் உள்ள கட்டங்கள் எப்படி நகர்ந்தனவோ அப்படியே நகர்’ என்று பொருள். ஓரத்துக் கட்டங்களுக்குத் திசையைச் சொல்லிவிட்டால் நடுவில் உள்ளவை, பந்தியில் முதல் ஆள் எழுந்ததும் வரிசையே எழுவதுபோல, சொல்லாமலே நகர்ந்துவிடும். புதிதாக எழுத வேண்டியது கீழிருந்து உள்ளே வரும் 48 புள்ளி உயரத் துண்டு மட்டும்: மூன்று வரிசை, 204 கட்டங்கள்.

அப்படிப் புதிதாக எழுதும் கட்டங்களைச் சுருக்குவது, படத்தை அலைகளின் கலவையாகப் பிரிக்கும் கொசைன் உருமாற்றத்தின் வழிவந்த ஒரு கணக்கு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அமெரிக்காவில் இருந்தபோது, 1972இல், அந்த உருமாற்றத்தை ஆராயத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதினாராம். பணம் வராமலே வேலையைத் தொடர்ந்து, நடராஜன், ராவ் இருவருடன் சேர்ந்து 1974இல் கட்டுரையை வெளியிட்டார். ஜேபெக் படமும் நாம் பார்க்கும் வீடியோவும் அதன்மேல்தான் நிற்கின்றன. எளிமையைக் குறையாக எண்ணும் நிதிக்குழுக்கள் இன்றும் இருக்கின்றன. அது வேறு புலம்பல், வாசகரிடம் திரும்புவோம்.

அவர் வீடியோ நொறுங்கும் இடம் ஒரு வசதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வாசலில். எடிட்டிங்கில் ஒரு திரை மங்க, இன்னொன்று அதன்மேல் மெல்லத் துலங்கும் மாற்றத்தைப் போட்டிருக்கிறார். அரை விநாடி, 15 பிரேம். ஒவ்வொன்றும் இரண்டு படங்களின் வேறு வேறு விகிதக் கலவை. இந்தக் கலவை முந்தைய பிரேமில் எங்கேயும் இல்லை, எந்தத் திசையில் தேடினாலும் கிடைக்காது. அதனால் இரண்டு திரையும் வேறுபடும் கட்டம் ஒவ்வொன்றிலும் திருத்தம் எழுத வேண்டும், பிரேமுக்குப் பிரேம். விநாடிக்கு இத்தனை பிட் என்று ஒதுக்கிய பிட் வீதம் இதற்குப் போதாதபோது என்கோடர் நுணுக்கங்களைத் தூக்கி எறிகிறது. முதலில் பலியாவது எழுத்தின் மெல்லிய கோடுகள். 60 பிரேமாக மாற்றியதில் அந்த அரை விநாடிக்கு 30 பிரேம் எழுத வேண்டியதாயிற்று, அதே பிட் வீதத்தில். நோய் கூடியதே தவிரக் குறையவில்லை. சட்டென்று வெட்டி மாற்றினால் புதிய திரையை ஒரே ஒரு முறை எழுதினால் போதும். வெட்டிய உடன் எழுத்து ஒரு கணம் மங்கலாக வந்து பிறகு தெளிந்தால், அந்த ஒரு பிரேமுக்கே பிட் பற்றவில்லை என்று பொருள்.

சிவப்புத் தொகையின் கதை வேறு. நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பார்க்கும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை. இதை நம்பி, வழக்கமான வீடியோக்கள் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளியும், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறையும் பதிகின்றன. முகத்துக்கும் வயலுக்கும் இது தாராளம். வெள்ளைமேல் கறுப்பு எழுத்துக்கும் பாதகமில்லை, அங்கே வேலை முழுதும் வெளிச்சத்துடையது. வெள்ளைமேல் மெல்லிய சிவப்பு எண் என்றால் நிறம் கோட்டைத் தாண்டி வழிந்து, விளிம்பில் இளஞ்சிவப்புக் கறை படியும். ரெக்கார்டு செய்தபின் பெரிதாக்கினால் கறையும் சேர்ந்து பெரிதாகும், போன நிறம் திரும்பாது. ரெக்கார்டு செய்யுமுன் போனின் அமைப்பில் எழுத்தளவையும் திரையளவையும் கூட்டிக்கொள்வதே வழி. கோடு தடித்தால் நிறத்துக்கு இடம் கிடைக்கும்.

எடிட்டிங் மென்பொருளில் பிட் வீதத்தைத் தாராளமாக வைத்து வெளியே எடுத்து, கடைசியாக இதை ஒருமுறை ஓட்டச் சொல்லியிருக்கிறேன்:

```
ffmpeg -i pathivu.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 20 \
  -pix_fmt yuv420p -movflags +faststart mudivu.mp4
```

`-crf 20` என்பது பிட் வீதத்தைக் கட்டாமல் தரத்தைக் கட்டுகிறது. அசையாத பிரேமில் மிச்சமானதை, மாறும் பிரேமில் செலவழிக்கலாம். `faststart` கோப்பின் அட்டவணையை வாலிலிருந்து தலைக்குக் கொண்டுவருகிறது. இணையத்திலிருந்து இறங்கும் வீடியோ முழுதாக வரும்வரை காத்திராமல் ஓடத் தொடங்கும். `crf` எண்ணை 23 ஆக்கினால் கோப்பு இன்னும் சிறுக்கும். எதுவரை கூட்டலாம் என்பதைப் பட்டியல் ஓடும் இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். பெயர்களில் புள்ளியும் கொம்பும் அழியத் தொடங்கினால் இரண்டு எண் பின்வாங்கலாம்.