மழையளவின் குவிவு வளைவைப் படத்திலிருந்து படித்தல்

சென்னையின் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாட்கள் நீடிப்பதாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. அந்த நாட்களில் ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்யும் என்பதைச் சராசரி என்ற ஒற்றை எண்ணால் சொன்னால், அது உதவுவதைவிடக் குழப்புவதே அதிகம். ஏனெனில் பெரும்பாலான நாட்களில் மழையே இருப்பதில்லை, ஒரு சில நாட்களிலோ பருவத்தின் கணிசமான பங்கு கொட்டித் தீர்த்துவிடுகிறது. இத்தகைய அளவுகளை முழுமையாகக் காட்டுவது குவிவு பரவல் சார்பின் வரைபடம். ஆனால் அறிக்கைகளிலும் பாடக்குறிப்புகளிலும் அது பெரும்பாலும் ஒரு படமாக மட்டுமே கிடைக்கிறது. பின்னால் இருக்கும் தரவு கிடைப்பதில்லை. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையெல்லாம் நம்பிக்கையுடன் படிக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம். இங்கே வரும் வளைவின் எண்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. எந்த நிலையத்திலும் அளந்து பெற்றவை அல்ல.

படத்தின் கிடை அச்சு ஒரு நாளின் மழையளவு, 0 முதல் 120 மி.மீ. வரை. நெடு அச்சு 0 முதல் 1 வரை செல்லும் நிகழ்தகவு. வளைவு x என்ற இடத்தில் எட்டும் உயரம், ஒரு நாளின் மழை x அளவோ அதற்குக் குறைவாகவோ இருப்பதற்கான நிகழ்தகவாகும்; F(x) = P(X ≤ x) என்று எழுதுவது இதைத்தான். நம் படத்தில் கோடு 0 மி.மீ. இடத்தில் செங்குத்தாக 0.58 வரை எழும்புகிறது. பிறகு 2.5 மி.மீ. இடத்தில் 0.66, 10 மி.மீ. இடத்தில் 0.79, 20 இல் 0.87, 40 இல் 0.94, 64.5 இல் 0.975 என்று வளைந்து ஏறி, வலது ஓரத்தில் 0.995 இல் படம் முடிந்துவிடுகிறது.

முதலில் ஒரு தவறான வாசிப்பை ஒதுக்கிவிட வேண்டும். 40 மி.மீ. இடத்தில் உயரம் 0.94 என்பதால் 40 மி.மீ. மழைக்கு 94 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று பொருளல்ல. அது அதற்கு உட்பட்ட எல்லா அளவுகளின் வாய்ப்பையும் சேர்த்த தொகை. எந்த அளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதைக் காட்டுவது வளைவின் உயரமன்று, அதன் சரிவு; செங்குத்தாக ஏறும் இடத்தில் நாட்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன, கிடையாகப் படுத்துச் செல்லும் இடத்தில் நாட்கள் அரிதாக இருக்கின்றன.

படத்திலிருந்து எண்ணை எடுப்பதற்கு அளவுகோல் வேண்டும். படத்தைத் திரையில் திறந்து, அச்சில் எண் எழுதப்பட்டுள்ள குறிக்கோடுகளின் பிக்சல் நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் படத்தில் 0 மி.மீ. குறி 80 ஆவது பிக்சல் பத்தியிலும், 120 மி.மீ. குறி 680 ஆவது பத்தியிலும் இருக்கின்றன என்று கொள்வோம். நெடு அச்சில் 0 என்ற குறி 440 ஆவது வரிசை, 1 என்ற குறி 40 ஆவது வரிசை. படங்களில் வரிசைகள் மேலிருந்து கீழாக எண்ணப்படுவதால் பெரிய நிகழ்தகவுக்குச் சிறிய எண் வருகிறது. அப்போது மாற்றும் சூத்திரங்கள் இவை:

```
x = (பத்தி − 80) × 120 / 600
F = (440 − வரிசை) / 400
```

ஒரு பிக்சல் நகர்ந்தால் கிடையில் 0.2 மி.மீ., நெடுக்கில் 0.0025. இந்த இரண்டு எண்களும் பின்னால் நாம் சொல்லப்போகும் எல்லாவற்றின் நம்பகத்தையும் தீர்மானிக்கின்றன. அளவெடுக்கும்போது வரைபடத்தின் சட்டத்தை அச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல வரைபட மென்பொருள்கள் சட்டத்திற்கும் முதல் குறிக்கும் இடையே இடைவெளி விடுகின்றன, ஆகவே சட்டத்தின் கீழ் மூலை சுழியாக இருக்க வேண்டிய தேவையில்லை. கோடு மூன்று பிக்சல் தடித்திருந்தால் அதன் நடுவை எடுக்க வேண்டும். பிறகு ஒரு சோதனை: 0.5 என்ற குறி 240 ஆவது வரிசையில் இருக்க வேண்டும். அங்கே இல்லாவிட்டால் அச்சின் அளவு சீரானதல்ல, அல்லது படம் கைப்பேசியில் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டிலும் மேற்கண்ட நேர்கோட்டுச் சூத்திரங்கள் பொருந்தா.

இப்போது நிகழ்தகவுகளைப் படிப்போம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவான நாளையே மழைநாள் என்று கொள்கிறது, 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. 64.5 மி.மீ. இடத்தில் செங்குத்தாக மேலே சென்றால் வளைவு 50 ஆவது வரிசையில் சந்திக்கிறது; (440 − 50) / 400 = 0.975. ஆகவே கனமழையோ அதைவிட அதிகமோ பெய்யும் நாளின் நிகழ்தகவு 1 − 0.975 = 0.025. மழைநாளாக இருந்தும் கனமழை எல்லையைத் தொடாத நாளுக்கு, இரு உயரங்களின் வேறுபாடு: 0.975 − 0.66 = 0.315. பருவத்தின் 92 நாட்களால் பெருக்கினால் சராசரியாக 29 நாட்கள். இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட நிகழ்தகவு எதுவானாலும் இந்த ஒரு கழித்தலில் கிடைத்துவிடும். அடர்த்திச் சார்பின் படத்தில் பரப்பளவைக் கணக்கிட்டால்தான் இதே விடை வரும்.

துள்ளலின் உயரம் தனியாகக் கவனிக்க வேண்டியது. 0 மி.மீ. இடத்தில் கோடு 440 ஆவது வரிசையிலிருந்து 208 ஆவது வரிசைக்குத் தாவுகிறது. அந்த 232 பிக்சல்கள், அதாவது 0.58, சரியாகச் சுழி மழை பெய்த நாட்களின் நிகழ்தகவு. சில படங்களில் தாவும் இடத்தில் கீழே வெற்று வட்டமும் மேலே நிரப்பிய வட்டமும் இருக்கும். ‘அதற்குச் சமமாகவோ குறைவாகவோ’ என்பதே வரையறை என்பதால் எப்போதும் மேல் புள்ளியே F இன் மதிப்பு.

இடைநிலை அளவுக்கும், கால்மானம், நூற்றுமானம் போன்ற பிற மானங்களுக்கும் திசை தலைகீழாகிறது. நெடு அச்சில் வேண்டிய நிகழ்தகவிலிருந்து கிடையாக வலப்புறம் சென்று, கோட்டைத் தொட்டதும் கீழே இறங்க வேண்டும். 0.5 இலிருந்து சென்றால் என்ன நடக்கிறது? 240 ஆவது வரிசையில் நாம் தொடுவது வளைவை அல்ல, சுழியில் நிற்கும் செங்குத்துக் கோட்டை. எனவே இடைநிலை அளவு 0 மி.மீ. இது படத்தின் பிழையோ வாசிப்பின் பிழையோ அன்று. பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் வறண்டவை என்பதால் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது ஒரு வறண்ட நாள்தான். முறையான வரையறையும் இதையே சொல்கிறது: F(x) முதன்முதலாக 0.5 ஐ எட்டும் அல்லது தாண்டும் மிகச் சிறிய x தான் இடைநிலை.

ஆனால் கேட்பவர் பெரும்பாலும் அறிய விரும்புவது வேறொன்று: மழை பெய்த நாட்களில் நடுவான அளவு எது? அதற்கும் இதே படம் போதும். துள்ளலுக்கு மேலே எஞ்சியிருக்கும் உயரம் 0.42, அதன் பாதி 0.21. ஆகவே 0.58 + 0.21 = 0.79 என்ற உயரத்திலிருந்து கிடையாகச் சென்றால், அதாவது 124 ஆவது வரிசையில், வளைவு 10 மி.மீ. இடத்தில் சந்திக்கிறது. எல்லா நாட்களுக்கும் இடைநிலை 0, மழை பெய்த நாட்களுக்கு மட்டும் 10. எந்த நாட்களைப் பற்றிய கேள்வி என்பதைச் சொல்லாமல் இவற்றுள் ஒன்றை மட்டும் எழுதுவது படிப்பவரைத் திசைதிருப்பும்.

மேல் கால்மானத்திற்கு 0.75 இலிருந்து சென்றால் சுமார் 7.5 மி.மீ. கிடைக்கிறது, 90 ஆவது நூற்றுமானம், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு நாட்களின் மழை தாண்டாத அளவு, சுமார் 27, 95 ஆவது சுமார் 45, 99 ஆவது சுமார் 95. எண்களாக எழுதும்போது இவை ஒரே தரத்தவை போலத் தோன்றுகின்றன, ஆனால் அப்படியில்லை. கிடையாகச் செல்லும் நம் கோடு ஒரு பிக்சல் மேலோ கீழோ பிசகினால் விடை எவ்வளவு மாறும் என்பது அவ்விடத்தில் வளைவின் சரிவைப் பொறுத்தது: பிசகை, அதாவது 0.0025 ஐ, சரிவால் வகுக்க வேண்டும். 7.5 மி.மீ. அருகே வளைவு ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 0.015 ஏறுகிறது, ஆகவே பிசகு 0.17 மி.மீ. மட்டுமே, பொருட்படுத்த வேண்டியதில்லை. 95 மி.மீ. அருகே ஏற்றம் ஒரு மில்லிமீட்டருக்கு 0.0003 அளவுக்குத் தளர்ந்துவிடுவதால், அதே ஒரு பிக்சல் விடையை ஒரு பக்கம் 8 மி.மீ. குறைக்கவும் மறுபக்கம் 12 மி.மீ. கூட்டவும் வல்லது. ஆகவே 99 ஆவது நூற்றுமானத்தை ‘95’ என்று எழுதுவதைவிட ‘87 முதல் 107 வரை’ என்று எழுதுவதே நேர்மையானது. கனமழை நிகழ்தகவிலும் இந்தச் சிக்கல் உண்டு. 0.025 என்பது உச்சிக்கோட்டிலிருந்து பத்தே பிக்சல். ஒன்று தவறினால் விடையில் பத்து விழுக்காடு தவறிவிடும். வளைவின் வலது கோடியான வால்பகுதி முக்கியமென்றால், 1 − F(x) ஐ மடக்கை அளவில் வரைந்த படத்தைத் தேடிப் பெறுவதே வழி. இந்தப் படத்தை எத்தனை பெரிதாக்கினாலும் அதில் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது.

வலது ஓரத்தில் கோடு 1 ஐத் தொடாமல் 0.995 இல் நிற்பதையும் கவனிக்க வேண்டும். மீதி 0.005 படத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே என்ன வடிவம் என்பதை வளைவை மனத்தால் நீட்டிக் கண்டுபிடிக்க முடியாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான சுமார் 49 செ.மீ. போன்ற மழை இப்படத்தின் அகலத்தைப் போல நான்கு மடங்குக்கும் அப்பால் விழும். தரவு எவ்வளவு என்பதும் இங்கே தீர்க்கமானது. ஒரே பருவத்தின் 92 நாட்களை வைத்து வரைந்திருந்தால் கோடு படிக்கட்டாக இருக்கும், ஒவ்வொரு படியும் 1/92, அதாவது சுமார் நான்கு பிக்சல். அப்போது 91/92 என்பது 0.989 மட்டுமே என்பதால், 99 ஆவது நூற்றுமானம் என்று நாம் படிப்பது அந்தப் பருவத்தின் மிகப் பெரிய ஒரு நாளின் அளவைத்தான். மென்மையான கோட்டைக் கண்டால், அதன் பின்னால் எத்தனை நாட்களின் பதிவு இருக்கிறது என்று படவிளக்கத்தில் தேட வேண்டும்.

எவ்வளவு கவனமாக அளந்தாலும் இந்தப் படத்திலிருந்து பெற முடியாதது ஒன்று உண்டு: நாட்களின் வரிசை. ஒரு நாள் கனமழைக்கு 0.025 என்றால், அடுத்தடுத்த இரு நாட்கள் கனமழைக்கு 0.025 × 0.025 = 0.000625 என்று பெருக்கிவிடத் தோன்றும். ஒரு நாளின் மழைக்கும் மறுநாளின் மழைக்கும் தொடர்பே இல்லையென்றால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். வங்கக்கடலில் உருவாகும் ஒரு தாழ்வு மண்டலம் கரையருகே நின்றுவிட்டால் மழை நாட்கணக்கில் தொடர்வதால், உண்மையான நிகழ்தகவு அதைவிடப் பெரிதாகவே இருக்கும். எவ்வளவு பெரிது என்பதை அறிய, தேதிவாரியான பதிவேட்டில் கனமழை நாட்களை எடுத்து, அவற்றுள் எத்தனைக்கு மறுநாளும் கனமழையாக இருந்தது என்று எண்ண வேண்டும்; குவிவு வளைவு வரையப்பட்ட கணத்திலேயே அந்தத் தேதிகள் அதிலிருந்து நீங்கிவிட்டன.