காசோலையில் யார் கையொப்பம் இடுவது? கம்பனிக் கணக்கு திறக்கும் முன் எழுத வேண்டிய தீர்மானம்

கம்பனியைப் பதிந்து கூட்டிணைப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பலர் செய்யும் அடுத்த வேலை, வங்கியில் நடைமுறைக் கணக்கு திறப்பதுதான். அதற்கான கடிதத்தை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் அந்தக் கடிதத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் கடிதம் ஒரு பக்கம்தான். இன்ன பெயருடைய கம்பனி, இன்ன பதிவு இலக்கம், இன்ன கிளையில் நடைமுறைக் கணக்கு திறக்க விரும்புகிறோம், இன்ன ஆவணங்களை இணைத்திருக்கிறோம் என்று எழுதினால் முடிந்தது. வங்கி நம்பி நடக்கப்போவது அதனோடு இணைத்த பணிப்பாளர் சபைத் தீர்மானத்தை. யாருடைய கையொப்பத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்பதை வங்கிக்குச் சொல்லும் தாள் அது. இரண்டு வருடத்துக்குப் பிறகு வரும் சண்டைகளும் பெரும்பாலும் அந்தத் தாளில் இருந்துதான் தொடங்குகின்றன.

வன்னியில் நான் அடிக்கடி பார்க்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணர் முதல் போடுகிறார், இங்கே இருக்கும் தம்பியும் மச்சானும் தொழிலை நடத்துகிறார்கள். மூவருமே பணிப்பாளர்கள். கிளிநொச்சிப் பக்கம் நெல் வாங்கி அரிசியாக்கி விற்கும் ஒரு கம்பனி இப்படித்தான் தொடங்கியது. "என்ர கையெழுத்து இல்லாமல் ஒரு காசோலையும் போகக் கூடாது" என்று கனடாவில் இருந்த அண்ணர் சொல்லிவிட்டார். முதல் முழுவதும் அவருடையது, அவர் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. தீர்மானத்திலும் அப்படியே எழுதினார்கள்: அண்ணரும் மற்ற இருவரில் ஒருவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். வங்கியும் கணக்கைத் திறந்தது.

பெரும்போக அறுவடை வந்தது. நெல் விற்கிற கமக்காரன் வெட்டுக்கூலி, உழவுக்கூலி, உரக்கடன் எல்லாவற்றையும் உடனே கட்ட வேண்டியவன், அவன் காத்திருக்க மாட்டான். கனடாவுக்குக் காசோலை அனுப்பிக் கையொப்பம் வாங்கவும் முடியாது. கடைசியில் அண்ணர் ஊருக்கு வந்தபோது ஒரு காசோலைப் புத்தகம் முழுவதிலும் வெறுமனே ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதைவிட ஆபத்தான ஏற்பாடு இல்லை. காசோலையில் உள்ள கையொப்பம் உண்மையானது, ஆகவே வங்கி பணம் கொடுத்துவிடும். தொகையை யார் நிரப்பினார், எப்போது நிரப்பினார் என்று வங்கிக்குத் தெரியாது. பிறகு தகராறு வந்தால் வங்கியைக் குறை சொல்ல இடமில்லை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி, கணக்கில் போதிய பணம் இல்லையென்று தெரிந்தும் காசோலை எழுதிக் கொடுப்பது குற்றம். அப்படி ஒரு காசோலை திரும்பினால், "நான் வெறும் தாளில்தான் ஒப்பமிட்டேன்" என்று அண்ணர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். தன் பணத்தைக் காக்க அவர் போட்ட நிபந்தனையே அவருக்குப் பாதுகாப்பு இல்லாமல் செய்துவிட்டது.

அந்தக் கம்பனிக்கு நாங்கள் புதிய தீர்மானம் எழுதினோம். அதன் முக்கியமான பகுதி இப்படி அமைந்தது:

"கம்பனியின் நடைமுறைக் கணக்கில் ஐந்து இலட்சம் ரூபா வரையான காசோலைகளில் இலங்கையில் வதியும் இரு பணிப்பாளர்களும் கூட்டாக ஒப்பமிடுவர். அதற்கு மேற்பட்ட கொடுப்பனவுகள் வங்கியின் இணையச் சேவை மூலம் மட்டுமே செய்யப்படும். அவற்றை இலங்கையில் வதியும் பணிப்பாளர் ஒருவர் பதிவு செய்வார், வெளிநாட்டில் வதியும் பணிப்பாளர் அங்கீகரிப்பார். கணக்கை மூடுவதற்கும் கடன் அல்லது மேலதிகப் பற்று பெறுவதற்கும் மூன்று பணிப்பாளர்களும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்."

ஐந்து இலட்சம் என்பது அவர்களுடைய அன்றாடக் கொள்முதலை வைத்து அவர்களே சொன்ன தொகை. உங்கள் தொழிலுக்கு ஏற்றதை நீங்கள் வையுங்கள். கணக்கைப் பார்க்கும் உரிமையும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுந்தகவல் பெறும் வசதியும் அண்ணருக்கு உண்டு என்று இன்னொரு வரி சேர்த்தோம். இணையச் சேவையைத் தனியே எழுத வேண்டும். காசோலை அதிகாரம் கொடுத்தால் இணைய அதிகாரமும் சேர்ந்து வரும் என்று நினைக்க வேண்டாம். இப்படித் தொகை பிரித்து நடத்தும் வசதி அந்தக் கிளையில் உண்டா என்பதை எழுதும் முன்பே முகாமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, மூவரும் ஒரே இடத்தில் இல்லாதபோது தீர்மானத்தை எப்படி நிறைவேற்றுவது? கம்பனியின் உள் நிர்வாக விதிகளான அகவிதிகள் இடம் கொடுத்தால் கூட்டம் கூடாமலே எல்லாப் பணிப்பாளர்களும் ஒப்பமிட்ட எழுத்துத் தீர்மானமாகச் செய்யலாம். வங்கிக்குப் போவது அதன் பிரதி. அது உண்மைப் பிரதி என்று கம்பனிச் செயலாளர் திகதியிட்டு ஒப்பமிட வேண்டும்.

இனி இணைப்புகள். கூட்டிணைப்புச் சான்றிதழ், அகவிதிகள், கம்பனிப் பதிவுக்கான படிவம் 1, பணிப்பாளர்களின் சம்மதத்தைக் காட்டும் படிவம் 18, செயலாளரின் படிவம் 19, பணிப்பாளர்களின் அடையாள ஆவணங்கள், வரி அடையாள இலக்கம் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் மனிதர்களின் விபரமும் வேண்டியிருக்கும், ஏனென்றால் கம்பனியின் உண்மையான சொந்தக்காரர் யார் என்பதை அறிந்துகொள்ளும் கடமை வங்கிக்கு இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவரின் கடவுச்சீட்டுப் பிரதியைத் தூதரகமோ நொத்தாரிசோ உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்று பெரும்பாலும் சொல்வார்கள்.

பத்திரங்கள் திரும்பி வருவது ஏதாவது ஒன்று குறைந்ததால் மட்டுமல்ல. பல தடவை, இருக்கிற பத்திரங்களே ஒன்றோடொன்று ஒத்துவராது. கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த பெயரில் ‘(பிரைவேட்) லிமிடெட்’ இருக்கும், தீர்மானத்தில் அது விடுபட்டிருக்கும். படிவம் 1இல் பரந்தன் முகவரி, கடிதத் தலைப்பில் கிளிநொச்சி நகர முகவரி. இடம் உண்மையிலேயே மாறியிருந்தால் முதலில் படிவம் 13 மூலம் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். திகதிகளையும் பாருங்கள். சான்றிதழுக்கு முந்திய திகதியில் தீர்மானம் இருக்க முடியாது, அப்போது கம்பனியே பிறக்கவில்லை. தீர்மானத்துக்கு முந்திய திகதியில் கடிதமும் இருக்கக் கூடாது.

பெயர் எழுத்துக்களில்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்துப் பிறகு திரும்ப எடுத்தவர்களுக்கு, அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டலும் கடவுச்சீட்டில் வேறொன்றும் இருப்பது சாதாரணம். படிவம் 18ஐ நிரப்பும் நாளிலேயே, வங்கிக்கு எந்த ஆவணத்தைக் காட்டப்போகிறீர்களோ அதைப் பக்கத்தில் வைத்து அதன்படியே எழுதுங்கள். பிறகு திருத்துவதைவிட அது எவ்வளவோ சுகம்.

வெளிநாட்டு முதல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பங்குக்கான பணத்தை அண்ணர் உறவினர் கணக்குக்கோ உண்டியலிலோ அனுப்பிவிட்டால், நாளைக்கு இலாபத்தையோ பங்கு விற்ற பணத்தையோ வங்கி வழியாக வெளியே எடுக்கக் கஷ்டப்படுவார். வெளிநாட்டில் இருந்து வரும் முதலீட்டுப் பணத்துக்கென்றே உள்ள உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றை அவர் பெயரில் திறந்து அதனூடாகக் கம்பனியின் கணக்குக்குப் பணம் வர வேண்டும். நடைமுறைக் கணக்கு திறக்கப் போகும் அன்றே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு திறந்த பிறகு ஒரு பணிப்பாளர் விலகினால், 20 வேலை நாட்களுக்குள் படிவம் 20 பதிவாளருக்குப் போக வேண்டும். பதிவாளரிடம் கொடுத்ததால் வங்கிக்குத் தெரிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பழைய தீர்மானத்தை நீக்கும் புதிய தீர்மானம் கிளைக்குக் கிடைக்கும் வரை விலகியவரின் கையொப்பத்துக்கு அங்கே பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே விலகல் கடிதம் கிடைத்த அன்றே தீர்மானத்தை எழுதிக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் திகதியையும் உங்கள் பிரதியில் வாங்கி வையுங்கள்.