சம்பா சாய்ந்தால் பயிர்க்கடன் கெடு என்ன ஆகும்?

பயிர்க்கடன் வாங்கும்போது எவ்வளவு கிடைக்கும், வட்டி எவ்வளவு என்று கேட்போம். எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. விளைச்சல் நன்றாக இருந்தால் அதனால் பெரிய பாதகம் இல்லை. மழையில் பயிர் சாய்ந்த வருஷத்தில்தான் அந்தத் தேதியின் அருமை தெரியும்.

கடையில் டி.வி. வாங்கிய தவணை மாதிரி பயிர்க்கடனை மாதாமாதம் கட்டச் சொல்வதில்லை. அறுவடை செய்து, விற்று, பணம் கைக்கு வரும் காலத்தைக் கணக்குப் போட்டுத்தான் கெடு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி சொல்லும் முறை. காவிரி டெல்டாவில் செப்டம்பரில் நாற்று விட்ட சம்பா ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ அறுவடைக்கு வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் கிடந்து, எடை போட்டு, கணக்கில் பணம் ஏற இன்னும் சில வாரம். ஆக, ஏப்ரலுக்கு முன் கெடு வைத்தால் அது விவசாயிக்குப் பொருந்தாது.

நடைமுறையில் கடன் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் என்று போட்டுவிடும் கிளைகளும் உண்டு. வட்டிச் சலுகைக்கும் அதிகபட்சம் ஓர் ஆண்டுதான். தேசிய வங்கியில் கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7%. கெடுவுக்குள் கட்டினால் 3% தள்ளுபடியாகி 4% தான் விழும். நம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. 90,000 ரூபாய்க்கு ஒரு வருஷத்தில் 7% என்றால் 6,300, 4% என்றால் 3,600. ஒரு நாள் தவறினாலும் இந்தச் சலுகை போய்விடும்.

இன்னொரு சிக்கல் பயிரின் பெயர். ஜூனில் குறுவை என்று எழுதிக் கடன் வாங்கிவிட்டு, ஆற்றில் தண்ணீர் வராததால் சம்பாவாக நட்டவர்கள் உண்டு. வங்கிக் கணக்கில் குறுவை, அடங்கலில் சம்பா என்று இருந்தால் கெடுவும் பொருந்தாது, காப்பீடு கேட்கும்போதும் அது இடிக்கும். நட்ட கையோடு அடங்கல் எடுத்து வங்கியில் கொடுத்து, பயிரின் பெயரை மாற்றச் சொல்லிவிடுவது நல்லது.

இனி பயிர் போன வருஷத்துக்கு வருவோம். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் டெல்டாவில் நடந்தது நினைவிருக்கும். அறுவடைக்கு நின்ற சம்பா, பருவம் தவறிய மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமானவர்களுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்த நிவாரணம் வேறு, பயிர்க் காப்பீடு வேறு, வங்கிக் கடனின் கெடுவை மாற்றுவது வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வரும் என்று நம்பி உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள்.

கெடு மாற்றம் எப்படி என்றால், அரசு கிராமவாரியாகச் சேதத்தைக் கணக்கெடுத்து அறிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2018 வழிகாட்டுதல்படி, சேதம் 33 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் என்றால் கடனைக் கட்ட அதிகபட்சம் 2 வருஷம். 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 5 வருஷம் வரை. இரண்டிலும் முதல் ஒரு வருஷம் அசல் கட்ட வேண்டாம் என்ற அவகாசம் உள்ளே அடங்கும். கூட்டுறவில் இதையே குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றுவது என்பார்கள். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அறிவித்தபோது அரசு இதையும் சேர்த்தே அறிவித்தது. இந்த விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால், இப்போது நடப்பில் உள்ளது எது என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே வழிகாட்டுதலில் ஒரு வரி இருக்கிறது. இயற்கைப் பேரிடர் நடந்த அன்றைக்கு ஏற்கெனவே கெடு தாண்டி நின்ற கடன் இந்த மாற்றத்துக்குத் தகுதி பெறாது. போன வருஷக் கடனை இழுத்துக்கொண்டு வந்தவருக்கு, இந்த வருஷம் வயல் முழுக்க மூழ்கினாலும் கதவு திறக்காது. கெடு தேதியை ஆரம்பத்திலேயே சரியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று ஏக்கர் சம்பா, செப்டம்பரில் 90,000 ரூபாய் கடன், கெடு ஏப்ரல் 30. பிப்ரவரி முதல் வாரம் மழை. கிராமத்தில் 50 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று அறிவிப்பு வருகிறது. முழு 5 வருஷமும் கொடுத்தால், முதல் வருஷம் அசல் இல்லை. அடுத்த நான்கு அறுவடைக்கும் 22,500 வீதம் அசல், அதோடு வட்டி. சேதம் 40 சதவீதம் என்று எழுதியிருந்தால், முதல் வருஷ அவகாசம் போக இரண்டாம் வருஷ அறுவடையிலேயே 90,000 முழுவதையும் கட்டியாக வேண்டும். அதனால் கணக்கெடுக்க வருபவர் என்ன எழுதுகிறார் என்பதை வயலில் கூடவே நின்று பாருங்கள்.

மழை நின்ற மறுநாளே கிராம நிர்வாக அலுவலரிடமும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். சர்வே எண் தெரியும்படி ஓர் அடையாளத்தோடு வயலைப் படம் எடுங்கள். நெல்லை அறுத்து வயலிலேயே காயப் போட்டிருந்தபோது மழை கெடுத்தது என்றால், அறுத்த 14 நாளுக்குள் அது நடந்திருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் காப்பீட்டுக்குச் சொல்ல வேண்டும். இதற்கு உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பார்கள். பொதுவான மகசூல் இழப்பு அப்படி அல்ல. கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுப்பார்கள். ஊர் தப்பித்து உங்கள் வயல் மட்டும் போயிருந்தால் இந்தச் சராசரிக் கணக்கில் ஒன்றும் வராது. கடன் வாங்கியவருக்குக் காப்பீடு கட்டாயம் என்ற நிலை 2020-லேயே மாறிவிட்டது. சம்பாவுக்கான 1.5% பிரீமியம் பிடிக்கப்பட்டதா என்று பாஸ்புக்கில் இப்போதே பாருங்கள்.

வங்கிக்கு ஒரு மனு, அதுவும் கெடு தேதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். நீட்டி முழக்க வேண்டாம், இவ்வளவு போதும்:

“என் பயிர்க்கடன் கணக்கு எண் ….. சர்வே எண் …..இல் பயிரிட்ட சம்பா நெல் ….. தேதி பெய்த மழையில் சேதமானது. கெடு தேதி ….. எங்கள் கிராமத்துக்கான சேத அறிவிப்பின்படி கடனைத் திருத்தியமைத்துத் தரவும், அடுத்த பருவத்துக்குப் புதிய பயிர்க்கடன் வழங்கவும் வேண்டுகிறேன். அடங்கல் நகல், படங்கள் இணைத்துள்ளேன்.”

இரண்டு பிரதி எழுதி ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “மேலிடத்து உத்தரவு வரவில்லை” என்ற பதில் வரலாம். அது உண்மையாகவும் இருக்கும். மாவட்ட வங்கியாளர் குழு கூடி முடிவெடுத்த பிறகே கிளை செய்ய முடியும். ஆனால் பேரிடர் நடந்த மூன்று மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும் என்று அந்த 2018 வழிகாட்டுதல் சொல்வதால், ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் நாளில் முத்திரை வாங்கிய பிரதியோடு எழுந்து கேட்கலாம்.

வெளியே வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, மறுநாள் புதுக்கடன் எடுத்துத் திருப்பிக் கொடுப்பது நம் ஊரில் சகஜம். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். கூட்டுறவில் வட்டியில்லாக் கடன் தொடரும் என்றால், நாலு நாள் கைமாற்று செலவு குறைவாகக்கூட இருக்கும். திருத்தியமைத்த கடனுக்கு முதல் வருஷத்துக்குப் பிறகு வழக்கமான வட்டி விழலாம். ஆபத்து என்னவென்றால், புதுக்கடன் நாலு நாளில் வராமல் நாற்பது நாள் இழுத்தால் வெளிவட்டி எல்லாவற்றையும் தின்றுவிடும். சங்கத்தில் நிதி இருக்கிறதா என்று செயலாளரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது.

தள்ளுபடிக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆனது. தேசிய வங்கியில் வாங்கியிருந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

கடனைத் திருத்தியமைத்துவிட்டோம் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது. புதிய தவணைத் தேதிகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். பழைய கெடு ஏப்ரல் 30 கணினியில் அப்படியே நின்றால், மே மாதமே “தவணை தவறியது” என்று குறுஞ்செய்தி வரும்; வந்த அன்றே அந்தத் தாளோடு கிளைக்குப் போய்விட வேண்டும்.