தந்தக் குறையும் சிப்பிக் குறையும்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி மூன்று வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "எல்லாம் போர்த் தண்ணியாலதான் டாக்டர், காவி ஏறிட்டு" என்றார். வாயைத் திறந்து பார்த்தால் காவி இல்லை. பற்கள் பனங்கற்கண்டு நிறத்தில், வெளிச்சம் உள்ளே இறங்கினது மாதிரி மங்கலாக மினுங்கின. கடைவாய்ப் பற்களில் சில தேய்ந்து ஈறு மட்டத்துக்கு வந்துவிட்டன. போர்த் தண்ணீரின் ஃப்ளூரைடு கறையும் இப்படி இருக்காது. அது வெண்கோடும் பழுப்புத் திட்டுமாக, பெரும்பாலும் நிரந்தரப் பற்களில்தான் தெரியும். கூட நின்ற அப்பாவோ வாயைக் கையால் மூடியே பேசினார். குடும்ப வழியாக வரும் குறை இது, பெயர் சொல்ல அதுவே போதும்: டென்டினோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா.

லத்தீனில் டென்ஸ் என்றால் பல். நம் 'தந்தம்' வந்த வடமொழி 'தந்த' அதற்கு உறவுச்சொல். ஜெனிசிஸ் கிரேக்கத்தில் தோற்றம், இம்பெர்ஃபெக்டா லத்தீனில் நிறைவுறாதது. யானைத் தந்தமும் பல்லின் உட்பகுதியான டென்டைன்தான். அதனால் 'பல்தந்தக் குறை' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சிலர் 'பல் சிதைவு' என்று எழுதுகிறார்கள். அது சொத்தைக்கு உரிய சொல்.

இதன் பங்காளி அமெலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. அமெல் என்பது எனாமலுக்கான பழைய பிரெஞ்சு வழிச் சொல். எனாமலைப் பற்சிப்பி என்கிறோம், ஆகவே இது 'பற்சிப்பிக் குறை'. இங்கே கெடுவது மேல்பூச்சு: மெலிந்தோ, குழி விழுந்தோ, சுண்ணாம்புக் கட்டி போல உதிர்ந்தோ இருக்கும். ஐஸ் தண்ணீர் பட்டாலே பிள்ளை துள்ளும்.

தந்தக் குறையில் மேல்பூச்சு சரியாகவே இருக்கும். கீழே உள்ள சுவர் பலமில்லாததால் காரை மாதிரி பெயர்ந்து விழுகிறது. எக்ஸ்ரேயில் இன்னும் தெளிவு: பல்லின் தலை உருண்டு, கழுத்து ஒடுங்கி, உள்ளே நரம்பு இருக்கும் அறை தூர்ந்திருக்கும். சிப்பிக் குறையில் அந்த அறை இயல்பாகவே இருக்கும். தந்தக் குறை என்றால், எலும்பு அடிக்கடி முறிகிறதா, கண்ணின் வெள்ளை நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் கேட்டாக வேண்டும். சிலருக்கு இது எலும்பு நோயின் கூடப்பிறந்தது.

பையனுக்கு என்ன செய்தோம்? உயரம் மிச்சமிருந்த பால் கடைவாய்ப் பற்களுக்கு எஃகு உறை, ஜனங்கள் சொல்லும் 'கேப்'. முன்பற்களுக்குப் பல் நிறத்தில் கம்போசிட் உறை. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வேர்க்குழாய் தூர்ந்த பல்லில் சீழ் பிடித்தால் வேர் சிகிச்சைக்கு வழி கிடைப்பது கடினம், பிடுங்கத்தான் நேரும். சிப்பிக் குறையிலும் கடைவாய்க்கு இதே உறைதான், ஆனால் உதிரும் பூச்சில் கம்போசிட் சரியாக ஒட்டாது. பீங்கான் உறை இரண்டிலும் பிறகுதான், ஈறு நிலைகொள்ளும் இளம்பருவத்தின் கடைசியில்.

ஆச்சியிடம் ஆறு வயதில் மறுபடி கூட்டி வரச் சொன்னேன், முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் தேயும் முன்பே மூட வேண்டும். அப்புறம், அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று அப்பா கேட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன். வாயிலிருந்த கையை அப்போதுதான் எடுத்தார்.