‘மீதி பிள்ளைகளுக்கு’ அல்ல: ஆயுட்கால உரிமையும் பின்னுரிமையும்

‘வீட்டின் லைஃப் இன்ட்ரஸ்ட் மனைவிக்கு, ரிமைண்டர் பிள்ளைகளுக்கு.’ இப்படி ஓர் உயிலின் சுருக்கம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் அது ‘ஆயுள்கால வட்டி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு’ என்று வந்து நிற்கிறது. மூலம் சொல்வதோ, மனைவி இருக்கும்வரை அனுபவம் அவருக்கு, அதன்பின் வீடு முழுவதும் பிள்ளைகளுக்கு என்பது. ‘வட்டி’ அப்பட்டமான பிழை. படித்த உடனே யாருக்கும் உறுத்தும், திருத்திவிடுவார்கள். எனக்குப் பெரிய கவலை ‘மீதி’ பற்றித்தான். அது உறுத்துவதில்லை. நல்ல தமிழாக, இயல்பாக இருக்கிறது. அதனால்தான் யாரும் திருத்துவதில்லை.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்ட்ரஸ்ட் என்பது ‘இடையில் இருப்பது, சம்பந்தப்படுவது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வட்டி அதன் ஒரு கிளைப்பொருள், சொத்தில் ஒருவருக்குள்ள பாத்தியம் இன்னொரு கிளைப்பொருள். ரிமைண்டர் ‘தங்கி நிற்பது’ என்ற லத்தீன் வினையிலிருந்து, நீதிமன்றப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்தது. நிலத்தைக் கொடுத்தவர் ஒருவர், முதலில் அனுபவித்தவர் இன்னொருவர். அனுபவித்தவர் காலம் முடிந்ததும் நிலம் கொடுத்தவரிடம் திரும்பினால் அது மீளுரிமை. திரும்பாமல் வெளியிலேயே நின்று மூன்றாமவரைச் சேர்ந்தால் அது ரிமைண்டர். தங்குவது நிலம், முழு நிலம். செலவழித்தது போக எஞ்சிய மிச்சம் என்ற எண்ணமே அதில் இல்லை.

‘மீதி’ என்றால் தமிழில் நாம் என்ன புரிந்துகொள்கிறோம்? சம்பளத்தில் செலவு போக நிற்பது. ஆகவே ‘அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு, மீதி பிள்ளைகளுக்கு’ என்று படிக்கும் குடும்பம், அம்மா தேவைக்கு விற்றுக்கொள்ளலாம், போகும்போது ஏதாவது இருந்தால் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம் என்றே எண்ணுகிறது. சட்டத்தில் அப்படிப்பட்ட ஏற்பாடு வேறொன்றாக இருக்கிறது. ரோமச் சட்டத்தில், முதலில் பெற்றவர் செலவழித்தது போக எஞ்சியதை அடுத்தவருக்குத் தரும் ஒரு வகை ஏற்பாடு உண்டு. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், அப்படிப்பட்டவரும் நான்கில் ஒரு பங்கையாவது விட்டுவைக்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். ‘மீதி’ என்ற சொல் பொருந்துவது அதற்குத்தான்.

உயிலையே இந்தச் சொல்லால் எழுதினால் இன்னும் மோசம். ‘என் மனைவி சர்வ சுதந்திரமாக அனுபவிக்கட்டும், அவள் காலத்துக்குப் பின் மீதி இருப்பது பிள்ளைகளுக்கு’ என்று எழுதினால், முதல் வரி முழு உரிமையைக் கொடுத்துவிட்டது, பின்வரி அதற்கு முரண் என்று பார்த்துப் பின்வரியைச் செல்லாததாக்கும் வழக்கம் ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் நீதிமன்றங்களில் உண்டு. ஒரு சொல்லால் பிள்ளைகளின் உரிமையே போய்விடக்கூடும்.

‘எஞ்சுரிமை’, ‘எச்ச உரிமை’ என்று ஆக்கியவர்களும் உண்டு. தனித்தமிழ் என்பதால் இவற்றுக்கு ஆதரவு அதிகம். தனித்தமிழ் எனக்கும் வேண்டியதே. ஆனால் ‘எஞ்சு’ என்ற வேர் ‘மீதி’யின் அதே தவறான பொருளைத்தான் இன்னொரு உடையில் கொண்டுவருகிறது. வேர் தமிழாக இருந்து பொருள் பிழையாக இருந்தால் அந்தச் சொல் யாருக்கு? நான் பரிந்துரைப்பது பின்னுரிமை. ஒருவரின் அனுபவம் முடிந்தபின் நடப்புக்கு வரும் உரிமை என்று படித்தவுடன் விளங்கும். மனைவியின் பக்கத்துக்கு ‘ஆயுட்கால உரிமை’ போதும். ‘குடியிருக்கும் உரிமை’ என்று குறுக்கக் கூடாது. அவள் பெறுவது அதைவிட அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒருவர் தம் மாடி வீட்டையும் வங்கி வைப்புத்தொகையையும் மனைவிக்கு ஆயுட்கால உரிமையாகவும், பின்னுரிமை மூன்று பிள்ளைகளுக்கும் என எழுதிவைத்து இறக்கிறார். கொல்லையில் பழ மரங்களும் சில தேக்கும் நிற்கின்றன. அம்மா கீழே குடியிருக்கலாம், மாடியை வாடகைக்கு விடலாம், வாடகை முழுவதும் அவருடையது. பிள்ளைகள் அதில் பங்கு கேட்க முடியாது. வைப்புத்தொகையின் வட்டி அவருடையது, முதலைத் தொடக் கூடாது. (‘ஆயுள்கால வட்டி’ என்ற சொல்லுக்கு ஒரே ஓர் இடத்தில் பொருள் கிடைக்கிறதென்றால் அது இங்கேதான், அதுவும் தற்செயலாக.) பழம் அவருடையது. தேக்கை வெட்டி விற்பதும், வீட்டை இடிப்பதும் சொத்தின் உடலையே அழிப்பதாகும், அதைத் தடுக்கப் பிள்ளைகள் நீதிமன்றம் போகலாம். வீட்டின் மேல் பழைய அடமானக் கடன் இருந்தால், பொதுவான முறை, வட்டியை அம்மா தம் வருமானத்திலிருந்து கட்டுவது, கடனின் முதலோ பின்னுரிமையாளர்களான பிள்ளைகளின் தலையில் விழுவது. ஆண்டு வரியும் அம்மாவுடையது.

விற்கலாமா? தம்மிடம் உள்ளதை அவர் விற்கலாம். அவரிடம் உள்ளதோ தம் ஆயுள் உள்ளவரையிலான அனுபவம் மட்டுமே. வாங்கியவர் முழு விலை கொடுத்துப் பத்திரத்தில் ‘முழு உரிமையுடன்’ என்று எழுதிக்கொண்டாலும், அம்மா கண் மூடிய அன்று அவருடைய பிடி அற்றுப்போகும். அம்மா தனியாகக் கொடுத்த நீண்ட குத்தகையும் பொதுவாக அப்படியே. முழு வீட்டையும் விற்க வேண்டுமானால் அம்மாவும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒரு பிள்ளை மைனராக இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். உயிலிலேயே அம்மாவுக்கு விற்கும் அதிகாரம் தந்திருந்தால் கதை வேறு. இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுட்கால உரிமையாளருக்கு விற்கும் அதிகாரம் தந்தது, ஆனால் விலைப் பணத்தை அவர் கையில் தராமல் அறங்காவலர்களிடமோ நீதிமன்றத்திலோ சேர்த்தது. பிள்ளைகளின் பின்னுரிமை அந்தப் பணத்துக்கு இடம் மாறியது, அழியவில்லை. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவால், மனைவிக்கு முன்பே இருந்த ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்து, ‘ஆயுள்வரை’ என்று எழுதியிருந்தாலும் முழு உரிமையாக விரியலாம். எனவே எந்த நாட்டுச் சட்டம் என்று பார்க்காமல் யாரும் கிரயம் பேச வேண்டாம்.

இத்தனையும் பழைய பத்திர எழுத்தர்களுக்குத் தெரிந்திருந்தது. ‘ஆயுள் பரியந்தம் ஆண்டனுபவித்துக்கொண்டு, எவ்வித பராதீனமும் செய்யாமல்’ என்று எழுதினார்கள். பராதீனம் என்றால் சொத்தைப் பிறருக்கு உரிமை மாற்றிக் கொடுப்பது. வடமொழி நிறைந்த நடை, எனக்கு உவப்பானதில்லை. ஆனால் எது முடியும், எது முடியாது, எவ்வளவு காலம் என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் உள்ளன. இன்றைய மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த பக்கம் போகிறார். பத்திரத்தைப் படிக்கப்போகும் குடும்பத்தை அவர் நினைப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இன்னோர் இடம் ‘பிறகு’. ‘மனைவியின் ஆயுளுக்குப் பிறகு என் மூன்று பிள்ளைகளுக்கும்’ என்று எழுதினால், பின்னுரிமை தந்தை இறந்த அன்றே பிள்ளைகளைச் சேர்ந்துவிட்டது என்றே பெரும்பாலும் கொள்வார்கள். அனுபவம் மட்டும் தள்ளிப்போகிறது. அம்மா இருக்கும்போதே ஒரு மகன் இறந்தால் அவன் பங்கு அவனுடைய வாரிசுகளுக்குப் போகும். ‘மனைவி காலமாகும்போது உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கு’ என்று எழுதினாலோ, அந்த மகனின் மனைவி மக்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டு மூலங்களையும் ‘அம்மாவுக்குப் பின் மீதி பிள்ளைகளுக்கு’ என்ற ஒரே வரியாக மொழிபெயர்த்தால், பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது அந்தத் தமிழைப் படித்துத் தெரியாது.