80 ஸ்கொயர் பீட் பேனர், ரேட் 10 ரூபா, பில் எப்படி 4,070?

ஆறு வருஷம் ஒரு ப்ளெக்ஸ் கடையில டிசைன் பார்த்துட்டு இருந்தேன், அந்த ஆறு வருஷத்துல வாரத்துக்கு ரெண்டு பேராவது இதே கேள்வியோட கவுண்டர்ல நிப்பாங்க. ஒரு தடவை பேத்தி காதுகுத்துக்கு 10க்கு 8 பேனர் சொல்லியிருந்த ஒரு பெரியவர் பில்லை பார்த்துட்டு, "ஏன் தம்பி, போன்ல ஸ்கொயர் பீட் பத்து ரூபான்னுதானே சொன்ன, பத்தெட்டு எம்பது, எண்ணூறு ரூபா தானே"ன்னாரு. கணக்கு சரிதான், ஆனா அந்த 10 ரூபா பிரிண்டுக்கு மட்டும். மத்ததெல்லாம் ஸ்கொயர் பீட்ல வளராது, அதுதான் விஷயம். (கீழ சொல்ற ரேட் எல்லாம் அப்போ எங்க கடை ரேட், ஊருக்கு ஊர் மாறும்.)

முதல்ல பிரிண்ட். ப்ளெக்ஸ்ங்கறது வெறும் பிளாஸ்டிக் ஷீட் இல்ல, நடுவுல பாலியஸ்டர் நூல் வலை மாதிரி இருக்கும், அது மேல ரெண்டு பக்கமும் பிவிசி பூசியிருப்பாங்க. மெஷின்ல போடுற சால்வென்ட் இங்க் அந்த பிவிசியை லேசா இளக்கி உள்ள இறங்கிடும், அதனாலதான் மழையில நனைஞ்சாலும் கலர் கரையாது, புது பேனர்ல அந்த வாடை வர்றதும் அதனாலதான். ரோல் 3, 4, 5, 6, 8, 10 அடின்னு குறிப்பிட்ட அகலத்துலதான் வரும். உங்க அளவு இதுல உக்காரலைன்னா மிச்சத்தை வெட்டி தூக்கிப்போடணும். 9க்கு 9 கேட்டா 10 அடி ரோல்ல 9 அடி ஓட்டணும், உங்களுக்கு கிடைக்கிறது 81, பில்லு 90க்கு. பெரியவரோட 10க்கு 8, எட்டடி ரோல்ல அழகா உக்காந்துடுச்சு, ஆக 800 ரூபா, இதுல சண்டையே இல்ல.

ஆனா பிரேம் மாட்டணும்னா நாலு பக்கமும் மூணு இஞ்ச் துணியை மடிச்சு பைப்பை சுத்தி கொண்டு போகணும். அதனால பிரேம் ஒன்பதரைக்கு ஏழரைதான் வரும். கண்ணுக்கு தெரியற பேனரும் அவ்வளவுதான். ஓரத்துல தாய்மாமன் பேரை ஒட்டி வைக்கச் சொல்லி அடம்பிடிக்கிறவங்க கிட்ட இதை சொல்லி சொல்லி எனக்கு தொண்டை வறண்டதுதான் மிச்சம், மாமன் பேர்ல பாதி பைப்புக்கு பின்னாடி போயிட்டா கல்யாண வீடே கலவரமாயிடும்.

இப்ப பிரேம். முக்கால் இஞ்ச் சதுர இரும்பு பைப், 20 அடி நீளமா வரும். சுத்தி வர 34 அடி வேணும், அது மட்டும் போதாது, நடுவுல படுக்கையா ஒரு ஒன்பதரை, நெட்டுக்குத்தா ரெண்டு ஏழரை குறுக்குப் பைப் வேணும். மொத்தம் ஐம்பத்தெட்டரை அடி, மூணு பைப்ல முடிச்சுடலாம்னு தோணும். வெட்டிப் பார்த்தாதான் தெரியும்: முதல் பைப்புல ரெண்டு ஒன்பதரை, ரெண்டாவதுல ஒரு ஒன்பதரையும் ஒரு ஏழரையும், மூணாவதுல ரெண்டு ஏழரை, இன்னொரு ஏழரைக்கு முழு நீளமே இல்ல. கையில இருக்கிறது ஒரு 5 அடி துண்டும் ஒரு 3 அடி துண்டும். வெல்டர் அண்ணன் ரெண்டையும் சேர்த்து ஒட்டி நடுவுல வர்ற குறுக்குப் பைப்பா போட்டுடுவாரு, ஓரத்துல மட்டும் ஒட்டுப் பைப் போட மாட்டாரு, ஏன்னா இழுவை முழுக்க ஓரத்துலதான் விழும். இரும்பு 12 கிலோ சொச்சம், வெல்டிங், பெயின்ட், கூலி எல்லாம் சேர்த்துதான் கடைக்காரர் சுலபமா ஸ்கொயர் பீட்டுக்கு 25னு போட்டு 2,000 சொல்றாரு. உண்மையில அது அடிக்கணக்கு, ஸ்கொயர் பீட் கணக்கு இல்ல. அதனாலதான் சின்ன பேனருக்கு இதே ரேட்ல பிரேம் கேட்டா கடைக்காரர் மூஞ்சி மாறும், 3க்கு 2 பேனர்ல ஆறு ஸ்கொயர் பீட்டுக்கு சுத்தளவே பத்தடி வந்துடும்.

இவ்வளவு இரும்பு எதுக்குன்னு பெரியவர் கேட்டாரு, சவுக்கு குச்சியில கட்டிட முடியாதாம். காத்து கணக்கு பாருங்க. மணிக்கு 40 கிலோமீட்டர் காத்து நேரா அடிச்சா இந்த அளவு பேனர் மேல கிட்டத்தட்ட 50, 60 கிலோ தள்ளும், ஒரு ஆள் சாஞ்சு நிக்கிற மாதிரி. காத்து ரெண்டு மடங்கு ஆனா தள்ளுறது ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு, 80ல அடிச்சா 200 கிலோவை தாண்டிடும். ஆடி மாசத்துல விசேஷம் வைக்கிறவங்க இதை யோசிக்கிறதே இல்ல. நடுவுல நாலு ஓட்டை போட்டா காத்து போயிடும்னு சொல்வாங்க, கையளவு நாலு ஓட்டை 70 ஸ்கொயர் பீட்ல எம்மாத்திரம், கிழியறதுக்கு இடம் கொடுத்ததுதான் மிச்சம்.

தையல்தான் எல்லாரும் பேரம் பேசுற இடம், நானும் அங்கதான் மாட்டிக்கிட்டேன். கோணி ஊசியில நைலான் நூல் கோத்து பைப்பை சுத்தி நாலு இஞ்சுக்கு ஒரு தையல் போடணும், 34 அடிக்கு நூறு தையல் சொச்சம் வரும். ஊசி எப்பவும் மடிச்ச ரெண்டு துணியிலயும் ஏறி இறங்கணும், ஏன்னா பாரத்தை தாங்கறது உள்ள இருக்கிற நூல் வலைதான், மேல இருக்கிற பிவிசி இல்ல. ஒரு நாள் ஆள் இல்லன்னு நானே உக்காந்து, நேரம் ஆயிடுச்சேன்னு ஒரு அடிக்கு ஒரு தையல் போட்டு அனுப்பிட்டேன். சாயங்காலம் போன் வருது. மேல மூலையில ஒரு தையல் விட்டிருக்கு, அது தாங்கின பாரம் பக்கத்து தையலுக்கு போயி அதுவும் விட்டு, ஜிப்பு திறக்குற மாதிரி ஒரு பக்கம் முழுக்க உரிஞ்சு மணமகன் மூஞ்சி மடங்கி தொங்குது. அடிக்கு 8 ரூபான்னு 272, ரவுண்டா 270, அதுல கை வைக்காதீங்க.

கட்டுறதுக்கு 1,000. ரெண்டு ஆள், ஒரு குட்டி யானை வாடகை, ஏணி, கம்பி. இது பேனர் பெருசா சின்னதாங்கறதை பொறுத்தது இல்ல, எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்ங்கறதை பொறுத்தது. அனுமதி இல்லாம ரோட்டோரம் கட்டச் சொன்னா எங்க கடையில மாட்டோம்னுடுவோம், 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில ரோட்டு நடுவுல வச்ச பேனர் ஸ்கூட்டர்ல போன ஒரு பொண்ணு மேல விழுந்து, பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறி உயிரே போச்சு.

ஆக 800, 2,000, 270, 1,000. பெரியவர் விரல் விட்டு எண்ணிட்டு, "சரி, துணியாவது சொன்ன துணிதானா"ன்னாரு. நல்ல கேள்வி. 280 ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் 280 கிராம்னு அர்த்தம், 80 ஸ்கொயர் பீட் ஏறக்குறைய ஏழரை சதுர மீட்டர், ஆக பேனர் ரெண்டு கிலோவுக்கு கொஞ்சம் மேல இருக்கணும். 280னு சொல்லிட்டு 220 போட்டா 1,600 கிராம் சொச்சம்தான் வரும். பிரேம்ல தைக்கிறதுக்கு முன்னாடி சுருட்டி பக்கத்து மளிகைக்கடை தராசுல வச்சா போதும். அவர் நிஜமாவே கொண்டு போயி வச்சுப் பார்த்துட்டு வந்தாரு, 2,100.

அப்புறம்தான் கேட்டாரு, "விசேஷம் முடிஞ்சா பிரேம் யாருக்கு?" விலைக்கு வாங்கினா உங்களுக்கு, வாடகைன்னா 800, மறுநாள் நாங்க வந்து கழட்டிக்குவோம்னேன். பில்லு 2,870க்கு வந்தது. பிரேமை கழட்டப் போனப்போ தையலை பிரிச்சு துணியை மட்டும் அவரே வாங்கி வச்சுக்கிட்டாரு. அடுத்த மழைக்கு அந்த பக்கம் போனேன், வீட்டுக்கு பின்னாடி வைக்கோல் போர் மேல பேத்தி சிரிச்சுட்டு இருந்தா.